ஏஜிஎம் பதிவிலிருந்து கேள்வியும் பதிலும் பிரித்தெடுப்பது

பங்கு முதலீட்டாளர் குழுவுக்காகக் கம்பெனிகளின் ஏஜிஎம், அதாவது ஆண்டுப் பொதுக் கூட்டப் பதிவுகளை நான் சுருக்கி எழுதுகிறேன். இந்த வாரம் குழுவில் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

தண்டையார்பேட்டை, துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்: "ஒன்றரை மணி நேரப் பதிவை மூன்று தடவை கேட்டேன்மா. யார் கேட்டதற்கு எது பதில் என்றே பிடிபடவில்லை. என் காதில்தான் கோளாறா?"

காதில் ஒன்றுமில்லை ஐயா, கூட்டம் நடக்கிற விதமே அப்படித்தான். செக்ரட்டரி பெயர் சொல்லிக் கூப்பிடக் கூப்பிட, பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையாகப் பேசி முடித்துவிடுவார்கள். எல்லாம் முடிந்த பிறகு சேர்மன் மொத்தமாகப் பதில் சொல்வார். அதுவும் கேட்ட வரிசையில் இருக்காது. ஒரே விஷயத்தை நாலு பேர் கேட்டிருந்தால் நாலுக்கும் சேர்த்து ஒரே பதில்தான்.

அதனால் நான் இரண்டு சுற்றாகக் கேட்கிறேன். முதல் சுற்றில் கேள்விகள் மட்டும்தான்: பேசியவரின் வரிசை எண், நேரம், கேட்டது என்ன. ஒருவர் மூன்று கேள்வி கேட்டால் மூன்று வரி. இரண்டாம் சுற்றில் பதில்களை மட்டும் கேட்டு, ஒவ்வொன்றையும் அதற்குரிய வரிக்கு எதிரே எழுதுவேன்.

எண்ணூரில் ஆலை வைத்திருக்கிற ஒரு கம்பெனியின் கூட்டம். நாலாவதாகப் பேசியவர் 0:41:10-இல் மூன்று விஷயம் கேட்டார்: இதர செலவு ஏன் கூடியது, ஆலை நிலத்தை விற்பீர்களா, இடைக்கால டிவிடெண்ட் உண்டா. 1:09-க்கு மேல் நிதி அதிகாரி, "சரக்குக் கட்டணமும் மின்சாரமும்தான் காரணம்" என்றார். நிலத்தைப் பற்றி சேர்மன், "இப்போதைக்கு போர்டு முன் அப்படி ஒரு திட்டம் இல்லை" என்றார். டிவிடெண்ட் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. மூன்றாவது வரிக்கு எதிரே "பதில் சொல்லப்படவில்லை" என்று போட்டேன். அந்த வரியை விட்டுவிட்டால், படிக்கிறவர் அப்படி ஒரு கேள்வியே வரவில்லை என்று நினைப்பார்.

நிலம் பற்றிய பதிலில் ஒரு கண்ணி இருக்கிறது. அதை "நிலத்தை விற்க மாட்டோம்" என்று சுருக்கத்தான் கை போகும். அவர் அப்படிச் சொல்லவே இல்லை. "இப்போதைக்கு", "திட்டம் இல்லை" இரண்டையும் அப்படியே விடுங்கள். "தனியாக எழுதி அனுப்புகிறோம்" என்றாலும் அதே கதைதான், அதைப் பதில் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பெரம்பூர், கணக்காளர்: "இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெடல்? கூட்ட நடவடிக்கை அறிக்கை எக்ஸ்சேஞ்சில் வருகிறதே, அதிலேயே எல்லாம் இருக்கும்."

பாதி சரி. அறிக்கை வருவது உண்மை. ஆனால் நான் பார்த்த பலவற்றில், "உறுப்பினர்கள் கேள்வி எழுப்பினர், தலைவர் விளக்கமளித்தார்" என்ற ஒரு வரியோடு கதை முடிகிறது. கம்பெனி தளத்தில் கூட்டப் பதிவின் எழுத்து வடிவம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். காணொளி வழியே கூட்டம் நடத்தலாம் என்று 2020-இல் அனுமதித்தபோதே, பொது கம்பெனிகள் அதைத் தளத்தில் போட வேண்டும் என்று கம்பெனி விவகார அமைச்சகம் சொல்லிவிட்டது.

வியாசர்பாடி, கல்லூரி மாணவர்: "அக்கா, நான் கேட்டதில் ஒவ்வொரு கேள்விக்கும் உடனே பதில் வருதே? வரிசைப்படி எழுதினாலே போதாதா?"

தம்பி, நீ கேட்டது காலாண்டு முடிவுக்குப் பிறகு அனலிஸ்ட்களோடு நடக்கிற கான்கால். அதில் கேள்விக்குப் பின்னாலேயே பதில் வரும், ஒரே சுற்றில் எழுதிவிடலாம். ஏஜிஎம் வேறு.

ராயபுரம், தையல் கடை வைத்திருப்பவர்: "அப்பா பேரில் பழைய காகித ஷேர். கூட்டத்தில் நானே கேட்டேன், கம்பெனியோட ஷேர் ரிஜிஸ்ட்ராரைப் பாருங்கன்னுட்டாங்க. இதையும் எழுதுவீங்களா?"

ஒரே வரியில் எழுதுவேன், "தனிப்பட்ட குறை, ரிஜிஸ்ட்ராருக்கு அனுப்பப்பட்டது" என்று. உங்கள் விஷயத்துக்கு வந்தால், ஏழு வருஷம் தொடர்ந்து டிவிடெண்ட் வாங்காமல் இருந்தால் பணத்தோடு ஷேரும் ஐஇபிஎஃப் என்கிற அரசு நிதிக்குப் போய்விடும். போயிருக்கிறதா என்று ரிஜிஸ்ட்ராரிடம் முதலில் கேளுங்கள்.

திருவொற்றியூர், தொழிற்சாலை மேற்பார்வையாளர்: "யூடியூப் வசனத்தை அப்படியே எடுத்து ஒட்டினேன். சரிதானே?"

எண்களில் மாட்டிக்கொள்வீர்கள். ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் அதில் இடம் மாறும். ஒருமுறை நானே 50 கோடி என்று எழுதிவிட்டேன். ஆண்டறிக்கையைத் திறந்தால் 15 கோடி. அன்றிலிருந்து ஆண்டறிக்கையில் உள்ள எண்ணை அதோடு ஒத்துப் பார்த்து எழுதுகிறேன். அதில் இல்லாத எண் என்றால், அந்த இடத்தின் நேரத்தைப் பக்கத்தில் போடுவேன். படிக்கிறவர் தானே கேட்டுப் பார்க்கலாம்.

பெரம்பூர்க்காரரே மறுபடி: "சேர்மனைப் புகழ்ந்து பேசுகிறவர்களை என்ன செய்கிறீர்கள்? கேட்டவர் பெயரைப் போடுவீர்களா?"

புகழ்ச்சியை வெட்டிவிடுவேன். ஆனால் "11 பேர் பேசினர், அதில் 5 பேர் கேள்வி எதுவும் கேட்கவில்லை" என்று குறிப்பிடுவேன். கூட்டம் எப்படிப் போனது என்று அதிலேயே தெரிந்துவிடும். பெயரை நான் போடுவதில்லை, வரிசை எண் மட்டும்தான். குழுவில் மூத்தவர் ஒருவர், "பொதுக் கூட்டத்தில் பேசியவருக்கு என்ன ரகசியம்?" என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம்.