21 ஆனதும் பிள்ளையின் ஆஸ்பத்திரிக் காப்புறுதி என்ன ஆகும்?

காப்புறுதிக் கிளை அலுவலகம் ஒன்றில் 26 வருசம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இந்த முறை பெற்றோரின் பொலிசியில் இருக்கும் பிள்ளைகள் வயது வந்து கழன்று போகும் விசயத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன். மோட்டார் சைக்கிள் காப்புறுதி பற்றிக் கேட்ட தம்பிமார் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொட்டகலை, ஓர் அம்மா: ஐயா, மகளை அவங்க அப்பாவோட பொலிசியில போட்டிருக்கோம். 21 வரைக்கும்னு ஏஜென்ட் சொன்னாரு. அவ பொறந்தது 2005 ஆகஸ்ட் 14. பொலிசி தொடங்குனது 2016 மார்ச் 1. இந்த ஆகஸ்ட் வரைக்கும் பயமில்லதானே?

பயம் இருக்கிறது அம்மா. "21 வரை" என்ற சொல்லை மூன்று விதமாக எழுதுவார்கள். பிறந்தநாளோடு முடியும் என்று எழுதியிருந்தால் 2026 ஆகஸ்ட் 14. 21 ஆன பிறகு வரும் பொலிசி ஆண்டு நிறைவோடு முடியும் என்றிருந்தால் 2027 மார்ச் 1. இந்த இரண்டிலும் உங்களுக்கு நேரம் இருக்கிறது.

மூன்றாவதுதான் பலரை விழுத்துவது. ஆயுள் காப்புறுதிக்காரர்கள் பலர் வயதை அடுத்த பிறந்தநாளை வைத்து எண்ணுவார்கள். 2026 மார்ச் 1 அன்று உங்கள் மகளுக்கு 20 தான். ஆனால் அவர்கள் கணக்கில் அடுத்த பிறந்தநாள் 21, ஆகவே அன்றைக்கு அவளுக்கு 21. காப்பு அன்றோடு முடிந்துவிடும், பிறந்தநாளுக்கு ஐந்தரை மாதம் முன்னாலேயே.

எது உங்களுடையது என்று ஏஜென்டிடம் கேட்காதீர்கள், பொலிசிப் புத்தகத்தைக் கேளுங்கள். அட்டவணைப் பக்கத்தில் பிள்ளையின் பெயருக்கு நேரே முடிவுத் திகதி அச்சடித்திருந்தால் பெரும்பாலும் வேலை முடிந்தது. இல்லாவிட்டால் தலைமை அலுவலகத்துக்கு ஒரே வரியில் எழுதுங்கள்: "இன்ன இலக்கப் பொலிசியில் இன்னாரின் ஆஸ்பத்திரிக் காப்பு எந்தத் திகதியில் முடிகிறது?" பதில் எழுத்தில் வர வேண்டும். போனில் சொன்னது நாளைக்கு யாருக்கும் ஞாபகம் இருக்காது.

அதே அம்மா: மாசாமாசம் காசு வெட்டுறாங்களே ஐயா. காசு வெட்டினா காப்பு இருக்குன்னுதானே அர்த்தம்?

நானும் அப்படித்தான் நினைத்தேன், அதுவும் இந்தத் தொழிலில் இருந்துகொண்டே. என் மூத்தவன் என் மனைவியின் பொலிசியில் இருந்தான், அது வேறொரு கம்பனி. ஒரு நாள் இரவு குடல்வால் வலி, கண்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷன். கிளைம் போட்டோம். காப்பு முடிந்து நாலு மாதம் ஆகிவிட்டது என்று கடிதம் வந்தது. அந்த நாலு மாதமும் அவனுக்கான கட்டுப்பணத்தை வெட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். கேட்டதற்கு வெட்டிய காசைத் திருப்பித் தந்தார்கள். சில ஆயிரம் ரூபா. பில்லோ ஒரு இலட்சத்தைத் தாண்டியது.

கணினி காசை வெட்டுவது வேறு, பொலிசி நிபந்தனை வேறு. முடிகிற மாதத்துக்குப் பிறகும் பிள்ளையின் பங்கு குறையவில்லையென்றால் சந்தேகப்படுங்கள்.

பொகவந்தலாவை, சாரதி: மகனோட பிறப்புச் சான்றிதழ்ல ஒரு திகதி, அடையாள அட்டையில ஒரு திகதி. எத வச்சு வயசு பாப்பாங்க?

தோட்டப் பக்கத்தில் இது அடிக்கடி வரும் சிக்கல். பதிய வைக்கப் பிந்திப் போய், தோட்டத்து ஆஸ்பத்திரிக் கொப்பியில் ஒன்று, சான்றிதழில் ஒன்று என்று கிடக்கும். முன்மொழிவுப் பத்திரத்தில் பெரும்பாலும் சான்றிதழைப் பார்த்து எழுதியிருப்பார்கள். பிறகு பிள்ளைக்கு அடையாள அட்டை வந்ததும் கணினியில் அந்த இலக்கத்தைப் போடுவார்கள். அந்த இலக்கமே திகதியைச் சொல்லிவிடும். 12 இலக்க அட்டையில் முதல் நாலும் பிறந்த வருசம், அடுத்த மூன்றும் வருசத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டுவார்கள். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் கணக்கு. மேலே கேட்ட அம்மாவின் மகளுக்கு ஆகஸ்ட் 14 என்றால் 227, 500 கூட்டினால் 727. அவளுடைய அட்டை 2005727 என்று தொடங்க வேண்டும்.

உங்கள் மகனின் அட்டையை எடுத்து இதேபோல் பிரித்துப் பாருங்கள். பொலிசியில் உள்ள திகதியோடு பொருந்தாவிட்டால் கிளைம் வருவதற்கு முன்பே கடிதம் கொடுத்துத் திருத்துங்கள். ஆளை ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டு திருத்தப் போனால் பொய் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

கண்டி, பொறியியல் படிப்பவர்: 26 வயது வரை பெற்றோரின் பொலிசியில் இருக்கலாம் என்பது சட்டம். நீங்கள் ஏன் 21 என்கிறீர்கள்?

தம்பி, நீங்கள் படித்தது சரி, ஆனால் நாடு வேறு. 26 என்பது அமெரிக்காவில் 2010 இல் வந்த சட்டம். இந்தியக் குடும்பப் பொலிசிகளில் 25 என்று பார்த்திருப்பீர்கள். இங்கே அப்படி எல்லாருக்கும் பொதுவான வயது இல்லை, ஒவ்வொரு பொலிசியும் தன் வயதைத் தானே எழுதிக்கொள்கிறது. சிலவற்றில் முழுநேர மாணவர் என்றால் இரண்டொரு வருசம் கூட்டித் தருவார்கள். அதற்குப் பல்கலைக்கழகப் பதிவாளரின் கடிதம் கேட்பார்கள், ஒவ்வொரு வருசமும். உங்கள் அப்பாவின் பொலிசியில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

மஸ்கெலியா: என் மகனுக்கு 21 ஆயிருச்சு. 21 ல பெரிய தொகை ஒண்ணு கையில வரும்னு சொன்னாங்க. எங்க போய் வாங்குறது?

அண்ணே, அது வேறு பொலிசி. பிள்ளையின் படிப்புக்கென்று சேமித்து முதிர்வில் காசு தருவது. இங்கே பேசுவது ஆஸ்பத்திரிக் காப்பு, அது முடிந்தால் ஒரு சதமும் வராது. இரண்டும் ஒரே புத்தகத்தில் இருக்கவும் கூடும். பக்கத்துக் கிளைக்குப் புத்தகத்தோடு போய்க் கேளுங்கள்.

பண்டாரவளை, அப்பா: மகனுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. அவனது காப்பு ஜூன் 30 இல் முடிகிறது. ஜூலையில் அவனுக்குத் தனியாக ஒன்று எடுக்கலாம் என்று இருக்கிறேன். ஆஸ்துமாவை எழுதினால் மறுப்பார்களாம், உண்மையா?

ஜூலை பிந்திவிடும். புதுப் பொலிசி எடுத்தால் விபத்துக்கு உடனே காப்பு உண்டு, நோய்க்குப் பொதுவாக முதல் 30 நாள் இல்லை. சில சத்திரசிகிச்சைகளுக்கு ஒரு வருசம், ஏற்கெனவே இருந்த நோய்க்கு அதைவிடக் கூட. இதைத்தான் காத்திருப்புக் காலம் என்பார்கள். ஜூலை 1 இல் தொடங்கினால் ஜூலை முழுவதும் டெங்குக் காய்ச்சலுக்குக்கூட ஒன்றும் கிடைக்காது. மே மாதத்திலேயே தொடங்குங்கள். இரண்டு மாதம் இரட்டைச் செலவுதான், ஆனால் அந்த 30 நாளும் பழைய பொலிசியின் நிழலில் கழிந்துவிடும்.

அதற்கும் முன்னால், ஏப்ரலில், பழைய கம்பனிக்கே ஒரு விண்ணப்பம் கொடுங்கள்: மகன் இத்தனை வருசம் உங்கள் காப்பில் இருந்தான், அவனுக்குத் தனிப் பொலிசி தரும்போது அந்தக் காலத்தைக் கணக்கில் எடுத்துக் காத்திருப்புக் காலத்தைத் தள்ளுபடி செய்யுங்கள் என்று. இது உங்கள் உரிமை அல்ல, அவர்கள் கொடுத்தால் உண்டு. கேட்பவர் குறைவு என்பதால் நான் பார்த்தவரை கேட்டவர்களில் சிலருக்குக் கிடைத்திருக்கிறது. காப்பு ஒரு நாளாவது அறுந்த பிறகு கேட்டால் அந்தக் கதவும் மூடிவிடும். 18 தாண்டியவன் என்பதால் பத்திரத்தில் அவனே கையெழுத்துப் போட வேண்டும், நீங்கள் போடக்கூடாது.

ஆஸ்துமாவைக் கட்டாயம் எழுதுங்கள். கட்டுப்பணத்தைக் கொஞ்சம் கூட்டுவார்கள், அல்லது மூச்சு நோய்க்கு மட்டும் காப்பு இல்லை என்பார்கள். மறைத்தால் காலை முறித்துக்கொண்டு போனாலும் பழைய கிளினிக் கொப்பியைக் காட்டிப் பொலிசியையே இல்லாமல் ஆக்க இடம் உண்டு.

நுவரெலியா, கிளைம் பகுதியில் வேலை செய்யும் தங்கை: ஐயா, ஒரு திருத்தம். இரண்டு பொலிசி ஓடுகிற அந்த இரண்டு மாதத்தில் இரண்டு பக்கமும் முழு பில்லும் கிடைக்கும் என்று ஆட்கள் நினைத்துவிடுவார்கள்.

சரியாகச் சொன்னீர்கள், எழுத மறந்துவிட்டேன். பில்லைப் பார்த்துத் தரும் காப்பில் ஒரே செலவுக்கு இரண்டு தரம் வாங்க முடியாது. ஒருவர் கொடுத்ததுபோக மீதியைத்தான் மற்றவரிடம் கேட்கலாம். மூலப் பில்லை முதலாமவர் வாங்கி வைத்துக்கொள்வார், ஆகவே கொடுக்கும் முன்பு உறுதிப்படுத்திய பிரதி ஒன்று கேட்டு வாங்க வேண்டும். படுத்த நாளுக்கு இவ்வளவு என்று தரும் காப்பு வேறு, அதை இரண்டிடத்திலும் வாங்கலாம்.

ஹாலிஎல, ஆசிரியை: எனக்கு அக்ரஹார இருக்கிறது. மகளை அதிலேயே தொடர வழி உண்டா?

அக்ரஹார அரச ஊழியருக்கானது, சம்பளத்தில் கழிப்பது. அதில் வயதுக் கட்டு மட்டுமல்ல, பிள்ளைக்குக் கல்யாணம் ஆனாலும் வேலை கிடைத்தாலும் அதற்கு முன்பே கழன்றுவிடும். பிள்ளை தனியாகக் காசு கட்டித் தொடர முடியாது. அவளே அரச சேவைக்கு வந்தால் தன் பெயரில் வரும். மகள் கொழும்பில் கம்பனி வேலைக்குப் போகிறாள் என்றால் அங்கே குழுக் காப்பு உண்டா, முதல் நாளிலிருந்தா, தகுதிகாண் காலம் முடிந்தா என்று கேட்கச் சொல்லுங்கள், டீச்சர். அந்தத் தகுதிகாண் காலத்தில்தான் பலர் வெறுங்கையோடு நிற்கிறார்கள்.

ஹப்புத்தளை: என் மகன் மூளை வளர்ச்சி குறைந்தவன். அவன் எப்போதும் எங்களில்தான் தங்கியிருப்பான். அவனையும் 21 இல் வெளியே போடுவார்களா? பொலிசியில் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

சில பொலிசிகளில் தானே உழைக்க முடியாத பிள்ளைக்கு விதிவிலக்கு உண்டு. வயது முடிவதற்கு முன்பே விசேட வைத்தியரின் அறிக்கையோடு கேட்க வேண்டும். உங்கள் பொலிசியில் அந்த வரியே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அப்படியென்றால் கம்பனியின் தயவுதான். நான் இரண்டு பேருக்கு எழுதிக் கொடுத்தேன், ஒருவருக்குக் கிடைத்தது, மற்றவருக்குக் கிடைக்கவில்லை. காரணம் சொல்லவில்லை. மறுப்பை எழுத்தில் வாங்கிக்கொண்டு காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம், ஆனால் பொலிசியில் இல்லாததை அவர் வாங்கித் தருவார் என்று சொல்ல மாட்டேன்.

டிக்கோயா, கொழுந்து பறிப்பவர்: ரெண்டு புள்ளைங்க, ஒண்ணுக்கு நோய், மத்தது டவுன்ல சைக்கிள் ஓடுது. ரெண்டுக்கும் தனித்தனியா கட்ட வசதி இல்ல. என்ன செய்ய?

இருப்பதில் ஒருவருக்கு மட்டும் எடுப்பதென்றால், நோயுள்ள பிள்ளைக்கு என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அந்த நோய்க்கே காப்பு கிடைக்காமல் போகலாம் என்பதை முதலில் பாருங்கள். டவுனில் சைக்கிள் ஓடும் பிள்ளைக்கு விபத்துக் காப்பு மட்டும் எடுப்பது மலிவு. நோயுள்ள பிள்ளைக்கு அரசாங்க ஆஸ்பத்திரி இருக்கிறது, கிளினிக் கொப்பியை விடாமல் வைத்திருங்கள். இருதய ஒப்பரேஷன் மாதிரி பெரிய செலவு வந்தால் ஜனாதிபதி நிதியத்துக்குப் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம், 2025 இலிருந்து அதற்காகக் கொழும்புக்குப் போகத் தேவையில்லை.

கொட்டகலை அம்மா, மறுபடியும்: ஐயா, அட்டவணைப் பக்கம் கெடச்சிச்சு. மகளோட பேருக்கு நேரே 01.03.2026 னு இருக்கு. இன்னிக்கு ஜனவரி 12.

அப்படியென்றால் நாளைக்கே கம்பனியின் ஹட்டன் கிளைக்குப் போங்கள், மகளையும் கூட்டிக்கொண்டு. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், பொலிசிப் புத்தகம் மூன்றும் கையில் இருக்கட்டும். காத்திருப்புக் காலத்தைத் தள்ளுபடி செய்யக் கேட்கும் கடிதத்தை முதலில் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். அப்புறம்தான் புதுப் பத்திரம். ஜனவரி 30 க்குள் காப்பு தொடங்கினால் அந்த 30 நாளும் மார்ச் 1 க்குள் கழிந்துவிடும். காசு கட்டிய நாளை நம்பாதீர்கள், காப்பு தொடங்கும் திகதி எது என்று பொலிசியில் பாருங்கள்.