"அன்லிமிட்டெட்" என்ற சொல்லுக்குள் இருக்கும் 60 ஜிபி

கேள்வி: எங்கள் ஊர் மல்லாவி. 4ஜி ரவுட்டர் இணைப்பு எடுக்கும்படி முகவர் ஒருவர் துண்டுப்பிரசுரம் தந்தார். "50 எம்பிபிஎஸ் வரை வேகம், அன்லிமிட்டெட் இணையம், இலவச இணைப்பு" என்று பெரிதாகவும், "நியாயமான பாவனை 100 ஜிபி (60+40), நிபந்தனைகள் உண்டு" என்று அடியில் சிறிதாகவும் போட்டிருக்கிறது. மகன் உயர்தரம் படிக்கிறான். தினமும் இரண்டு மணிநேரம் இணையவழி வகுப்பு. மகள் வெளிநாட்டிலிருந்து வீடியோவில் கதைப்பாள். இதை எடுக்கலாமா?

பதில்: இப்போதைக்குக் கையெழுத்து வைக்காதீர்கள். நீங்கள் எழுதியனுப்பிய வரிகளில் பொய் இருப்பதாக நான் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு வரியிலும் பாதிதான் இருக்கிறது. மற்றப் பாதியை முகவர் எழுத்தில் தந்த பிறகே இந்த இணைப்பு உங்கள் வீட்டுக்குப் பொருந்துமா என்று தீர்மானிக்க முடியும்.

முதலில் பாவனை எல்லையைப் பார்ப்போம், ஏனென்றால் உங்கள் மகனின் வகுப்பு அதில்தான் தங்கியிருக்கிறது. 60+40 என்று பிரித்து எழுதினால், அதில் முதற்பங்கை எந்நேரமும் பாவிக்கலாம் என்றும், இரண்டாம் பங்கை நள்ளிரவு தொடங்கிக் காலை வரை மட்டுமே பாவிக்கலாம் என்றும் பொருள்படுவது வழக்கம். அப்படியானால் பகலிலும் மாலையிலும் உங்களுக்கு உள்ளது 100 அல்ல, 60 ஜிபி. இணையவழி வகுப்பு மணிக்குச் சுமார் 1 ஜிபி எடுக்கும் என்று கொண்டால், மகனுக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி போகிறது. பதிவு செய்த பாடங்களையோ வேறு காணொளிகளையோ தெளிவான படத்தில் ஒரு மணிநேரம் பார்த்தால் இன்னும் ஒன்று அல்லது ஒன்றரை ஜிபி செலவாகும். மகளுடன் அரை மணிநேரம் கதைப்பதையும், கைபேசிகள் தாமாகவே இறக்கிக்கொள்ளும் புதுப்பிப்புகளையும் சேர்த்தால் நாளொன்றுக்கு 4 ஜிபி ஆகிவிடும். ஆகவே 60 ஜிபி பதினைந்தாம் நாளிலேயே தீர்ந்துவிடும்.

அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்பதைத்தான் உங்கள் துண்டுப்பிரசுரம் சொல்லாமல் விட்டிருக்கிறது. "அன்லிமிட்டெட்" என்ற சொல்லுக்கு இங்கே பொருள், எல்லை முடிந்தாலும் இணைப்பைத் துண்டிக்க மாட்டார்கள், வேகத்தைக் குறைப்பார்கள் என்பதே. எவ்வளவுக்குக் குறைப்பார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. விநாடிக்கு 1 மெகாபிட்டுக்குக் குறைத்தால், வீட்டில் வேறொருவரும் காணொளி பார்க்காத நேரத்தில், மகன் தன் கமராவை அணைத்துவிட்டு வகுப்பைக் கேட்க முடியும். ஆனால் 64 கிலோபிட்டுக்குக் குறைத்தால் விநாடிக்கு 8 கிலோபைட் மட்டுமே வரும். வாட்சப்பில் ஒரு எம்பி அளவுள்ள ஒரு படம் திறக்கவே இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும், வகுப்பைப் பற்றி நினைக்கவே முடியாது. இந்த இரண்டு திட்டங்களுக்கும் ஒரே விளம்பர வரியை எழுதலாம் என்பதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. எனவே எல்லைக்குப் பிந்திய வேகம் எவ்வளவு, எல்லை எந்தத் திகதியில் புதுப்பிக்கப்படுகிறது, இடையில் மேலதிக ஜிபி வாங்கினால் ஒன்றுக்கு எத்தனை ரூபாய் என்பவற்றைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

இரவுப் பங்கும் முற்றாக வீணல்ல. புதுப்பிப்புகளையும், ஆசிரியர் பதிவேற்றும் பாடங்களையும் இரவில் இறக்கிவைக்கும்படி அமைத்தால் பகற்பங்கில் கொஞ்சம் மிஞ்சும். ஆனாலும் நேரலை வகுப்பை நள்ளிரவுக்கு மாற்ற யாராலும் முடியாது.

அடுத்தது வேகம். எம்பிபிஎஸ் என்பது விநாடிக்கு எத்தனை மெகாபிட் என்ற கணக்கு. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால், 50 என்று போட்டிருந்தால் முழுவேகத்திலும் விநாடிக்கு 6 எம்பிக்குச் சற்று மேல்தான் இறங்கும். அதிலும் "வரை" என்ற சொல் உச்சத்தை மட்டுமே குறிக்கிறது. 4ஜியில் ஒரு கோபுரத்தின் கொள்ளளவை அதைச் சூழ்ந்த எல்லோரும் பங்கிடுகிறார்கள். வன்னியில் கோபுரங்கள் தூரத்தூர இருப்பதாலும், தகரக் கூரை சமிக்ஞையை மறிப்பதாலும், கடைத்தெருவில் முகவர் காட்டும் வேகம் உங்கள் வளவுக்குள் வராமல் போகலாம். அதே நிறுவனத்தின் சிம் உள்ள 4ஜி கைபேசி ஒன்றை இரவல் வாங்கி, ரவுட்டர் வைக்கப்போகும் இடத்தில் இரவு எட்டு மணிக்கு மூன்று நாட்கள் வேகத்தை அளந்து பாருங்கள். இறங்கும் வேகத்தோடு ஏறும் வேகத்தையும் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் மகளுக்கு உங்கள் முகம் தெரிவது ஏறும் வேகத்தால்தான். உள்ளே குறைவாகவும் முற்றத்தில் நன்றாகவும் இருந்தால் வெளியே பொருத்தும் அன்டெனா தேவைப்படும். அந்தச் செலவும் கணக்கில் சேரவேண்டும்.

இணைப்பு எடுத்த பின்னர் வேகம் குறைந்தால் காரணத்தை இப்படிப் பிரித்தறியலாம். மாலை ஏழிலிருந்து பத்து மணிவரை மட்டும் மந்தமாகி, விடியற்காலை ஐந்து மணிக்கு நன்றாக இருந்தால் அது கோபுர நெரிசல். மாதத்தின் ஒரு நாளிலிருந்து பகல் முழுவதும் ஒரே அளவில் தேங்கி நின்றால் பாவனை எல்லை முடிந்திருக்கிறது. முதலாவதற்கு மேலதிக ஜிபி வாங்குவது வீண்செலவு.

"இலவச இணைப்பு" என்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். இணைப்புக் கட்டணம் மட்டும் இலவசமாக இருந்து, ரவுட்டரின் விலை, அன்டெனா, பொருத்துகூலி, முதல் மாதக் கட்டணம், வரிகள் ஆகியன தனித்தனியே வரலாம். நான் ஒருமுறை இலவசம் என்று நம்பி எடுத்த இணைப்பில் பொருத்த வந்தவர் வயர் நீளத்துக்கென்று தனியாகக் காசு கேட்டார். எழுத்தில் எதுவும் இல்லாததால் கொடுக்க வேண்டியதாயிற்று. ரவுட்டர் இலவசம் என்றால், எத்தனை மாதம் கட்டாயம் வைத்திருக்க வேண்டும், முன்னதாக நிறுத்தினால் எவ்வளவு அறவிடுவார்கள் என்றும் கேளுங்கள்.

முகவரிடம் கீழ்க்காணும் வாசகத்தை இடைவெளி நிரப்பி, கையொப்பமிட்டுத் தரச் சொல்லுங்கள்: "இந்த வீட்டில் மாலையில் எதிர்பார்க்கக்கூடிய வேகம் விநாடிக்கு … மெகாபிட். எந்நேரமும் பாவிக்க மாதம் … ஜிபி, இரவு … மணி முதல் … மணி வரை மட்டும் … ஜிபி. முடிந்த பின் வேகம் … ஆகும். ஒவ்வொரு மாதமும் … ஆந் திகதி புதுப்பிக்கப்படும். முதல் நாளில் வரிகளுடன் செலுத்தவேண்டிய மொத்தம் ரூபாய் …. அதில் திரும்பக் கிடைப்பது ரூபாய் …. கட்டாயக் காலம் … மாதம்." எல்லைக்குப் பிந்திய வேகம் 1 மெகாபிட்டுக்குக் கீழே என்றால் இந்தத் திட்டம் உங்களுக்கு வேண்டாம், பகற்பங்கு 120 ஜிபி அளவில் உள்ள திட்டத்தின் விலையைக் கேளுங்கள்.

எழுதித் தந்ததற்கு மாறாக நடந்தால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிட்டு முறைப்பாட்டு இலக்கத்தைப் பெறுங்கள். தீராவிட்டால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவை 1900 என்ற இலக்கத்திலும், பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையை 1977 என்ற இலக்கத்திலும் அழைக்கலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி அதிகாரசபைக்கான முறைப்பாட்டைச் சேவை வழங்கப்பட்டு மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். ஆதலால் முதல் மாதப் பட்டியல் வந்தவுடனேயே அதை முகவரின் தாளோடு வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.