‘மல்லிகை விலை நிலவரம்’ என்றால் என்ன சொன்னதாக அர்த்தம்?

கேள்வி: திருமங்கலம் பக்கம் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறேன். இயக்குநர் கூட்டத்தில் ‘மல்லிகை விலை நிலவரம்’ என்று தலைப்புப் போட்டு, பன்னிரண்டு மாதச் சராசரி விலையை ஸ்லைடில் காட்டினேன். ஏப்ரல், மேயில் கிலோ 250 ரூபாய். டிசம்பர், ஜனவரியில் 1,100. பார்த்துவிட்டு, “சரிம்மா, இப்ப என்ன சொல்ல வர்றே?” என்றார்கள். தலைப்பை எப்படி எழுதியிருக்க வேண்டும்?
— வாசகி, திருமங்கலம்

பதில்: உங்கள் தலைப்பை யாராலும் மறுக்க முடியாது, அதுதான் அதன் கோளாறு. “ஆமாம்” என்றோ “இல்லை” என்றோ சொல்ல அதில் எதுவும் இல்லை.

‘மல்லிகை விலை மாதத்துக்கு மாதம் மாறுகிறது’ என்று எழுதினால்? வாக்கியம்தான். ஆனால் மாட்டுத்தாவணியில் பூ விற்பவர்களிடம் போய் இதைச் சொல்வதா! படத்தில் உங்கள் கண் எந்த இடத்தில் நின்றதோ, அதை எழுதுங்கள்: ‘ஏப்ரல், மேயில் நம் மல்லிகையின் சராசரி விலை, பனிக்கால விலையில் கால்வாசிகூட இல்லை.’ அந்த நான்கு மாதப் பட்டைகளுக்கு மட்டும் நிறம் கொடுத்து, மற்றவற்றைச் சாம்பலாக்கிவிடுங்கள்.

‘சராசரி’ என்ற சொல்லை இடம் போதவில்லை என்று வெட்டிவிடாதீர்கள். வெட்டினால், “மீனாட்சி கல்யாணத்தன்னிக்கு நல்ல விலைக்குத்தானே வித்தேன்?” என்று ஓர் இயக்குநர் கேட்பார். அவர் சொல்வதும் சரியாகவே இருக்கும். முகூர்த்த நாள் ஏற்றமெல்லாம் மாதச் சராசரியில் கரைந்துபோகிறது.

இன்னொரு ஆசையும் வரும்: ‘வரத்து கூடுவதால் விலை சரிகிறது, உபரியைச் சென்ட் ஆலைக்குக் கொடுப்போம்’ என்று எல்லாவற்றையும் ஒரே தலைப்பில் அடைப்பது. இந்தப் படத்தில் வரத்தே இல்லை. ஆலை தரும் விலையும் இல்லை. படம் காட்டாததைத் தலைப்பு சொன்னால், கூட்டம் படத்தையும் நம்பாது. வரத்துக்கு ஒரு ஸ்லைடு, ஆலை விலைக்கு ஒரு ஸ்லைடு என்று தனித்தனியாகப் போடுங்கள். தலைப்பு மூன்றாவது வரிக்கு ஓடினாலும் அநேகமாக இதுதான் காரணம்: இரண்டு விஷயம் உள்ளே இருக்கிறது.

எல்லா ஸ்லைடுக்கும் இப்படி எழுத வேண்டியதில்லை. கடைசியில் இணைக்கும் மாதவாரி அட்டவணைக்கு, தேடி எடுக்க வசதியாக, பழையபடி பெயர் மட்டும் போதும்.

முடித்ததும் பவர்பாயிண்டில் View மெனுவுக்குப் போய் Outline View-வைத் திறந்து, தலைப்புகளை மட்டும் வரிசையாக வாசியுங்கள். விலை விழுகிறது, அப்போதுதான் வரத்து அதிகம், ஆலை இன்ன விலை தருகிறது, ஆகவே ஒப்பந்தம் போடலாமா என்று பேச்சு ஓட வேண்டும். எங்காவது தட்டினால் ஸ்லைடு வரிசையை மாற்றிப் பாருங்கள். ஏதாவது தலைப்பு அங்கே தெரியவில்லையா? தலைப்புக்கான கட்டத்தில் எழுதாமல் தனியாக ஒரு டெக்ஸ்ட் பாக்ஸ் போட்டு எழுதியிருப்பீர்கள். எடுத்து உரிய கட்டத்தில் ஒட்டிவிடுங்கள்.