வீட்டில் விடை, வகுப்பில் புள்ளி

கேள்வி: திருகோணமலை நகரில் தரம் 11 பிள்ளைகள் 30 பேருக்கு மாலை நேர விஞ்ஞான வகுப்பு நடத்துகிறேன். மீட்டலுக்காக ஒவ்வொரு நாளும் கூகுள் படிவத்தில் பல்தேர்வு வினாக்களை அனுப்பி, புள்ளி, படிநிலை, தொடர்நாள் கணக்கு எல்லாம் வைத்தேன். இப்போது எல்லோரும் முழுப்புள்ளி எடுக்கிறார்கள். தவணைப் பரீட்சையில் மட்டும் பழைய நிலைதான். விடைகள் வட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. விளையாட்டைக் கைவிடாமல் இந்தக் களவை நிறுத்த வழி உண்டா?

பதில்: வழி உண்டு. ஆனால் அது விடைகள் சுற்றுவதைத் தடுக்கும் வழியன்று. சுற்றும் விடையால் எவருக்கும் புள்ளி கிடைக்காதபடி கணக்கை மாற்றும் வழி. இப்போதைய அமைப்பில் வீட்டிலிருந்து வரும் சரியான விடைக்குப் புள்ளி கொடுக்கிறீர்கள். ஒரு பிள்ளைக்கு உலகத்திலேயே மலிவாகக் கிடைக்கும் பொருள் அதுதான். படிவத்தில் Release grades என்பது உடனடியாக என்று இருந்து, Limit to 1 response தெரிவு செய்யப்படாமலும் இருந்தால், நண்பன்கூடத் தேவையில்லை. ஏதாவது ஒன்றை அழுத்தி அனுப்பிவிட்டுச் சரியான விடைகளைப் பார்த்து, மறுபடி அனுப்பினால் முழுப்புள்ளி. அந்த இரண்டையும் இன்றே மாற்றிவிடுங்கள். எனினும் அது ஒரு ஓட்டையை அடைப்பது மட்டுமே.

இந்தத் தவறை நானும் செய்திருக்கிறேன். என் வகுப்பில் 30 நாள் தொடர்ந்து செய்தவருக்கு இரட்டைப் புள்ளி என்று அறிவித்திருந்தேன். திருக்கடலூரிலிருந்து வரும் ஒரு மாணவன் 28 நாள் தவறாமல் செய்திருந்தான். சிவராத்திரி இரவு அவன் கோணேஸ்வரத்தில் தொண்டர் பணியில் நின்றதை நானே பார்த்தேன். அதே நேரத்தில் அவனுடைய பெயரில் 20 வினாக்களுக்கும் சரியான விடை வந்து சேர்ந்தது. தொடர் அறுந்துவிடும் என்று பயந்து தொலைபேசியைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். அதுவரை 28 நாளும் உண்மையாகப் படித்த பிள்ளையை அன்று ஏமாற்றவைத்தது என் விதிதான்.

ஆகவே முதல் மாற்றம் இது: வீட்டில் செய்யும் பயிற்சிக்குச் சரி, பிழை பார்த்துப் புள்ளி கொடுக்காதீர்கள். அதற்குப் பதிலாக, ஒவ்வொரு வினாவின் கீழும் இன்னொரு தெரிவை வையுங்கள்: "உறுதி" அல்லது "இன்னும் இல்லை". இந்தக் கூற்றைப் பிள்ளை தன்னைப் பற்றித் தானே சொல்கிறது. குறைந்தது மூன்று நாள் கழித்து, வகுப்பின் தொடக்கத்தில் பத்து நிமிடம், தொலைபேசிகள் மேசையில் கவிழ்ந்திருக்க, அந்த வினாக்களில் ஐந்தைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, தெரிவுகள் இல்லாமல் எழுதச் சொல்லுங்கள். புள்ளி அங்கேதான் பிறக்க வேண்டும். "உறுதி" என்று சொன்ன வினாவுக்கு விடை சரியென்றால் 3 புள்ளி கூடும், பிழையென்றால் 3 புள்ளி குறையும். "இன்னும் இல்லை" என்று சொன்னதற்குச் சரியென்றால் 1 புள்ளி, பிழையென்றால் ஒன்றுமில்லை.

ஒரே அளவு பாடம் தெரிந்த இரண்டு பிள்ளைகளை எடுத்துக்கொள்வோம். எடுத்த ஐந்து வினாக்களில் இருவருக்கும் இரண்டுதான் தெரியும். முதலாவது பிள்ளை வட்ஸ்அப் விடைகளைப் போட்டு ஐந்துக்கும் "உறுதி" என்று அழுத்தியிருந்தால் 6 வந்து 9 போய், 3 புள்ளி நட்டம். இரண்டாவது பிள்ளை தெரிந்த இரண்டுக்கு மட்டும் "உறுதி" சொல்லி, மற்ற மூன்றுக்கும் உண்மையை ஒத்துக்கொண்டிருந்தால் 6 புள்ளி. இந்த எண்களை நான் சும்மா போடவில்லை. பத்துத் தடவையில் ஆறு தடவைக்கு மேல் சரியாக எழுதுவேன் என்ற நிலை இருந்தால்தான் "உறுதி" இலாபம் தரும். அதற்குக் கீழே "இன்னும் இல்லை" என்பதே இலாபம். இலண்டன் யுனிவெர்சிற்றி கொலிஜில் மருத்துவ மாணவருக்குப் பயன்படுத்தப்பட்ட உறுதிநிலைப் புள்ளியிடல் மூன்று நிலைகளைக் கொண்டது. நம் பிள்ளைகளுக்கு இரண்டு நிலை போதும், கணக்கும் அவர்களுக்கே விளங்கும்.

ஒருவர் கேட்கலாம்: வீட்டில் பார்த்துப் போட்டு "உறுதி" சொன்ன பிள்ளை, புள்ளி போய்விடும் என்ற பயத்தில் அந்த மூன்று நாளில் உட்கார்ந்து படித்துவிட்டால்? படிக்கட்டும், அதற்குத்தானே இத்தனை பாடு. ஒரு கவனம் மட்டும் தேவை. கழிவு வந்த வாரத்தைப் பூச்சியம் என்று மன்னித்து எழுதாதீர்கள். அப்படிச் செய்தால் எல்லாவற்றுக்கும் "உறுதி" சொல்லிப் பார்ப்பதில் இழப்பதற்கு ஒன்றுமில்லாமல் போய்விடும். தவணைத் தொடக்கத்திலேயே எல்லோருக்கும் 20 புள்ளி கையிருப்பாகக் கொடுத்துவிட்டால், கழித்தாலும் பிள்ளையின் பெயருக்கு நேரே கழித்தற் குறி எளிதில் வராது.

வகுப்பில் கேட்கும் வினா வீட்டு வினாவின் சொற்களிலேயே இருக்கக்கூடாது, ஏனெனில் விடையை மனனம் செய்வதும் பார்த்தெழுதுவதற்கு நெருங்கிய உறவுதான். ஒளித்தொகுப்பை எடுத்தால், இலையில் மாப்பொருள் இருப்பதைச் சோதிக்கும் கரைசல் எது என்பது வீட்டு வினாவாக இருக்கலாம். அயடீன் என்ற ஒரு சொல் பத்து விநாடியில் ஊரெல்லாம் போய்விடும். வகுப்பில் இப்படிக் கேளுங்கள்: இரண்டு நாள் இருட்டில் வைத்த செடியில் ஓர் இலையின் நடுப்பகுதியைக் கறுப்புக் கடதாசியால் மூடி, செடியை வெயிலில் வைத்து, பின்னர் அந்த இலையை மதுசாரத்தில் நிறம் நீக்கி அயடீன் இட்டால், நடுப்பகுதி என்ன நிறமாக இருக்கும், ஏன்? கருநீலம் என்று எழுதும் பிள்ளை சொல்லை மட்டும் கொண்டுவந்திருக்கிறது. அயடீனின் மஞ்சட்கபிலமே நிற்கும், ஒளி படாத இடத்தில் மாப்பொருள் உண்டாகவில்லை என்று எழுதும் பிள்ளைக்குப் பாடம் தெரியும். ஒரு வினாவுக்கு இப்படி இரண்டு வடிவம் எழுதுவது வேலை கூடிய காரியம் என்பதை மறைக்க மாட்டேன். முதல் மாதம் ஒரேயொரு அலகுக்கு, 20 வினாக்களுடன் தொடங்குங்கள்.

படிநிலைகளைப் புள்ளிக் கூட்டுத்தொகையோடு கட்டாதீர்கள். கட்டினால், அதிக நாள் அழுத்தியவர் உயர்ந்த படியில் இருப்பார், அவ்வளவுதான். படி என்பது ஓர் அலகு எவ்வளவு காலம் நினைவில் நின்றது என்பதைக் காட்ட வேண்டும். மூன்று நாள் கழித்துக் கேட்ட ஐந்தில் நான்கு சரியென்றால் அந்த அலகில் முதற்படி, ஒரு வாரம் கழித்து அதே தரத்தில் எழுதினால் இரண்டாம் படி, மூன்று வாரம் கழித்து எழுதினால் மூன்றாம் படி. செபஸ்தியான் லைட்னர் என்பவர் 1972 இல் வெளியிட்ட முறையின் சாரம் இது: வினா எழுதிய அட்டைக்குச் சரியாக விடை சொன்னால் அது அடுத்த பெட்டிக்குப் போய், இன்னும் அதிக நாள் கழித்தே மீண்டும் கேட்கப்படும். அவருடைய முறையில் பிழைவிட்ட அட்டை முதற்பெட்டிக்கே திரும்பிவிடும். நான் ஒரு படி மட்டும் இறக்குகிறேன், ஏனென்றால் மூன்று வார உழைப்பு ஒரு பிழையில் அடியோடு போகும் என்றால், அந்த நாளில்தான் பக்கத்துத் தாளை எட்டிப் பார்க்கும் ஆசை பிள்ளைக்கு உச்சத்தில் இருக்கும்.

தொடர்நாள் கணக்கு இம்மூன்றிலும் மிக எளிதாகப் பொய் சொல்லக்கூடியது. எனவே அதற்கு ஒரு புள்ளிகூடக் கொடுக்காதீர்கள். பதிவேட்டில் ஓர் அடையாளமாக மட்டும் இருக்கட்டும். நாளைக் கணக்காக அல்லாமல் வாரக் கணக்காக, ஏழு நாளில் ஏதாவது நான்கு நாள், நாளுக்கு எட்டு வினா என்று வையுங்கள். மார்கழி மழையில் மின்சாரம் போகும், பத்திரகாளி அம்மன் கோயில் திருவிழா வரும், வீட்டில் ஒரே தொலைபேசி இருந்து அதை அப்பா கடலுக்குக் கொண்டுபோய்விடுவார். இவை எதுவும் பிள்ளையின் குற்றமில்லை. தவணைக்கு இரண்டு வாரம் விடுப்பாக எடுக்க இடம் கொடுங்கள். தொலைபேசி கிடைக்காத நாளில் கொப்பியில் எழுதி, "உறுதி" என்ற குறியையும் போட்டுக் காட்டினால் அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். விட்டுப்போன நாளைப் பின்னர் நிரப்பிக்கொள்ளும் வசதியை மட்டும் வைக்காதீர்கள்.

வகுப்பு முழுவதற்குமான தரவரிசைப் பட்டியலை எடுத்துவிடுங்கள். பதிலாக ஐந்து ஐந்து பேராக ஆறு குழுக்கள் அமைத்து, வாரம் ஒருமுறை ஒவ்வொரு குழுவிலும் ஒருவரின் பெயரைச் சீட்டில் எடுத்து, அவருடைய அன்றைய புள்ளியே குழுவின் புள்ளி என்று வையுங்கள். எவருடைய பெயர் வரும் என்று தெரியாததால், கெட்டிக்காரப் பிள்ளை விடையை அனுப்பிவிட்டு இருக்க முடியாது. பின்தங்கியவருக்கு விளங்கும்வரை சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும். அதே வட்ஸ்அப் குழு அப்போது வேறு வேலைக்குப் பயன்படத் தொடங்கும்.

கணக்கு வைக்க ஒரு விரிதாள் போதும். A நிரலில் மாணவர் எண், B இல் வினா எண், C இல் கூற்று, D இல் வகுப்பு விடை (சரி 1, பிழை 0) என்று எடுத்துக்கொண்டால், முதற் சூத்திரம் புள்ளியைத் தரும். G2 இல் ஒரு மாணவரின் எண்ணை இட்டால், இரண்டாவது சூத்திரம் அவர் "உறுதி" என்றவற்றில் எவ்வளவு பங்கு சரியானது என்று காட்டும்.

```
=IF(D2="","",IF(C2="உறுதி",IF(D2=1,3,-3),IF(D2=1,1,0)))
=AVERAGEIFS(D:D,A:A,G2,C:C,"உறுதி")
```

இரண்டாவது எண் 0.6 இற்குக் கீழே இருந்தால் உடனே களவு என்று முடிவு கட்டாதீர்கள். "உறுதி" என்ற கூற்றுகள் குறைந்தது பதினைந்து சேரும்வரை பொறுங்கள். அதன் பிறகும் கீழேயே இருந்தால் வீட்டு விடைகளைத் திறந்து, சரியானவற்றை விட்டுவிட்டுப் பிழையானவற்றை மட்டும் பாருங்கள். சரியான விடை எல்லோருக்கும் ஒன்றுதான், அது எதையும் நிரூபிக்காது. ஆனால் ஆறு வினாக்களில் இரண்டு பிள்ளைகள் அதே ஆறு பிழைத் தெரிவுகளை எடுத்திருந்தால், ஒன்றைப் பார்த்து மற்றது வந்திருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லலாம். பிழைகள் அவரவர்க்கு வேறாக இருந்தால், அந்தப் பிள்ளை பெரும்பாலும் ஏமாற்றவில்லை. தனக்குத் தெரியும் என்று மெய்யாகவே நம்பிக்கொண்டிருக்கிறது. தன் 0.4 ஐத் தானே பார்க்கும்போது பெரும்பாலான பிள்ளைகள் அடுத்த வாரமே "உறுதி" சொல்வதைக் குறைத்துக்கொள்வதை நான் கண்டிருக்கிறேன்.

இம்முறை குறுகிய விடையுள்ள வினாக்களுக்குத்தான் சரிவரும். கட்டமைப்பு வினா, கட்டுரை வினா ஆகியவற்றை இதற்குள் திணிக்காமல் வழமைபோல் தாளில் திருத்துங்கள்.

ஏற்கெனவே சேர்ந்துள்ள புள்ளிகளை அழித்துவிட வேண்டாம். நேர்மையாகச் சேர்த்த பிள்ளைகளும் அதற்குள் இருக்கிறார்கள், யார் என்று உங்களால் பிரித்தெடுக்க முடியாது. அந்த நிரலுக்குப் "பழைய கணக்கு" என்று பெயரிட்டு அப்படியே நிறுத்திவிட்டு, எல்லோரும் 20 இலிருந்து தொடங்குவதாக அறிவியுங்கள். விதி மாறுவதற்கான காரணத்தையும் ஒளிக்காமல், மேலே சொன்ன இரண்டு பிள்ளைகளின் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டுங்கள்.