தேயிலைத் தோட்டத்தில் ஒட்டிய ஆள் ஏன் ஒட்டாமல் நிற்கிறார்?

"அட்டனில் எடுத்த குடும்பப் படத்தில் அப்பாவின் ஸ்டூடியோ படத்தை வெட்டிச் சேர்த்தேன். அளவு சரி, நிழலும் சரி. ஆனாலும் ஒட்டவில்லையே?"

குறைவது பச்சை. வெயில் பட்ட தேயிலைச் செடி மற்ற நிறங்களை உறிஞ்சி, பச்சையையே அதிகம் திருப்பி அனுப்பும். மஞ்சள் சாரி மடியில் கிடக்கும் குழந்தையின் கன்னம் மஞ்சளாவது போலத்தான். அந்த ஒளி கீழிருந்து வருவதால் தாடையின் அடி, மூக்கின் அடி, கையின் உட்புறம், வேட்டியின் கீழ்ப்பகுதி ஆகியவற்றில் படியும். பக்கத்தில் நிற்கும் அம்மாவின் தாடையைப் பெரிதாக்கிப் பாருங்கள், அங்கே இருக்கும்.

அப்பாவின் மேல் ஒரு புதிய லேயர் வைத்து, `Color` முறையில், செடியிலிருந்தே எடுத்த பச்சையை மென்மையான பிரஷால் அந்த இடங்களில் மட்டும் பூசுங்கள். அம்மாவின் தாடையோடு ஒத்துப்போகும்வரை `Opacity` குறையுங்கள். நான் 10 சதவீதத்தில் தொடங்குவேன். மூடுபனி நாள் படமென்றால் இன்னும் குறைவு போதும்.

ஆள் முழுவதையும் பச்சையாக்குவதல்ல இது: நெற்றியும் தோளும் வானத்தைப் பார்ப்பவை, அங்கே தேயிலையின் நிறம் அநேகமாக எட்டாது.