மார்ஃபினை நாலோக்சோன் முறித்த பிறகும் நோயாளி ஏன் மறுபடி மயங்கினார்?

கேள்வி: எம்பிபிஎஸ் இரண்டாம் வருடம். அகோனிஸ்ட், ஆன்டகோனிஸ்ட், டோஸ்-ரெஸ்பான்ஸ் கர்வ், ஹாஃப் லைஃப் நான்கும் தனித்தனியாகப் புரிகிறது. கேஸ் கேள்வி வந்தால் எதை எங்கே பொருத்துவது என்று தெரியவில்லை. ஒரு உதாரணத்தோடு சொல்ல முடியுமா?

பதில்:

எனக்கு இந்த நான்கும் ஒன்றாகப் புரிந்தது ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது, ஒரு நைட் டூட்டியில். புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் மாத்திரை சாப்பிட்டுவந்த ஒரு பெரியவரைக் கொண்டுவந்தார்கள். தட்டி எழுப்பியும் எழவில்லை. கண்மணி குண்டூசி முனை மாதிரி சுருங்கியிருந்தது. மூச்சு நிமிடத்துக்கு 6 தான்.

ஆக்சிஜன் கொடுத்து, பையால் மூச்சுக்கு உதவிக்கொண்டே, 0.4 மி.கி. நாலோக்சோன் ஆம்பூலை சலைன் சேர்த்து 10 மி.லி. ஆக்கி ஒவ்வொரு மி.லி.யாக ஏற்றினோம். நான்காவது மி.லி.க்குப் பிறகு மூச்சு 14 ஆனது, கண் திறந்தார். நான் நிம்மதியாக அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். ஒன்றரை மணி நேரத்தில் சிஸ்டர் கூப்பிட்டார்: "டாக்டர், தாத்தாவுக்கு மூச்சு மறுபடி குறையுது."

நடந்தது இதுதான். மார்ஃபின் மியூ ரிசெப்டாரில் உட்கார்ந்து அதை வேலை செய்யவைக்கும், அது அகோனிஸ்ட். நாலோக்சோன் அதே இடத்தில் உட்காரும், ஆனால் எதையும் தூண்டாது, அது ஆன்டகோனிஸ்ட். இரண்டும் ஒரே நாற்காலிக்குப் போட்டி போடுவதால் யாருடைய அளவு அதிகமோ அவர் பக்கம் சாயும். கர்வில் பார்த்தால், மார்ஃபினின் கோடு அதே வடிவத்தோடு, அதே உச்சத்தோடு வலப்பக்கம் நகர்கிறது. அதாவது அதே விளைவுக்கு இப்போது அதிக மார்ஃபின் தேவை. எவ்வளவு அதிகம் என்பதற்கு ஒரு சூத்திரம் உண்டு:

```
DR = 1 + [B]/KB
```

[B] நாலோக்சோனின் செறிவு. KB, தனியாக இருந்தால் பாதி ரிசெப்டார்களை அது பிடிக்கும் செறிவு. DR, கோடு எத்தனை மடங்கு நகர்ந்தது என்பது.

இங்கேதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். கோடு நகர்ந்த இடத்திலேயே நிற்காது. [B] குறையக் குறைய அது இடப்பக்கம் திரும்பி வரும். எந்த வேகத்தில் என்பதைச் சொல்வது நாலோக்சோனின் ஹாஃப் லைஃப், சுமார் ஒரு மணி நேரம். மார்ஃபினுக்கு 2-3 மணி நேரம்தானே என்று அன்று நினைத்தேன். ரிப்போர்ட்டில் கிரியாட்டினின் மிக அதிகம். மார்ஃபினிலிருந்து கல்லீரல் உண்டாக்கும் மார்ஃபின்-6-குளுக்குரோனைடும் அகோனிஸ்ட்தான், அது வெளியேறுவது சிறுநீரகம் வழியாக. கிளியரன்ஸ் விழுந்தால் ஹாஃப் லைஃப் நீளும். புத்தகத்தில் இருக்கும் எண் ஆரோக்கியமான சிறுநீரகத்துக்கானது.

கணக்காகப் போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்குத்தான். அகோனிஸ்ட் செறிவு EC50-ஐப் போல 8 மடங்கு, அதன் ஹாஃப் லைஃப் 24 மணி நேரம் என்று வையுங்கள். நாலோக்சோன் இல்லாமல் விளைவு 8/(8+1), அதாவது 89 சதவீதம். நாலோக்சோன் KB-யைப் போல 15 மடங்கு இருந்தால் DR 16. விளைவு 8/(8+16), 33 சதவீதமாக விழுகிறது. நோயாளி கண் திறக்கிறார். மூன்று மணி நேரத்தில் நாலோக்சோன் எட்டில் ஒரு பங்குதான் மிச்சம், DR 2.9. அகோனிஸ்ட் 8-லிருந்து 7.3-க்குத்தான் இறங்கியிருக்கும். விளைவு 7.3/(7.3+2.9), 72 சதவீதம். புதிதாக ஒரு மாத்திரைகூடச் சாப்பிடாமல் மயக்கம் திரும்புகிறது. நிஜத்தில் நாலோக்சோன் மூளையிலிருந்து திசுக்களுக்குப் பரவுவதால் இது இன்னும் சீக்கிரமே நடக்கும்.

சரி, முதலிலேயே நிறையப் போட்டால் என்ன? அதே ரிசெப்டார்தான் வலியையும் அடக்குகிறது. மொத்தமாக முறித்தால் புற்றுநோய் வலி ஒரே நிமிடத்தில் திரும்பும், விலகல் அறிகுறிகளும் வரும். அதனால் [B] குறையாமல் பார்த்துக்கொள்வதுதான் வழி. மூச்சைத் திருப்பிய டோஸில் மூன்றில் இரண்டு பங்கை மணிக்கு மணி டிரிப்பில் கொடுப்பது வழக்கம். எங்களுக்கு வேலை செய்தது 0.16 மி.கி., ஆக மணிக்கு சுமார் 0.1 மி.கி.

கேஸ் கேள்வியில் ஒன்றைக் கவனியுங்கள்: அகோனிஸ்டை எவ்வளவு ஏற்றினாலும் பழைய உச்சம் வரவில்லை என்றால் அது இந்த வகைப் போட்டி இல்லை. ஆல்ஃபா ரிசெப்டாரில் ஃபீனாக்சிபென்சமின் அப்படித்தான். ரிசெப்டாரோடு நிரந்தரமாக ஒட்டிக்கொள்வதால் உச்சமே இறங்கிவிடும். அங்கே மருந்தின் ஹாஃப் லைஃபை வைத்து விளைவு எப்போது முடியும் என்று சொல்ல முடியாது, புது ரிசெப்டார் உருவாக வேண்டும்.

அந்தப் பெரியவருக்கு டிரிப் விடிய விடிய ஓடியது. பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை மூச்சை எண்ணி எழுதினேன். மறுநாள் மாலை டிரிப்பை நிறுத்தினோம், நிறுத்திய பிறகும் நான்கு மணி நேரம் எண்ணிக்கொண்டே இருந்தோம்.