பையன் போட்ட கையெழுத்து

அன்புள்ள ஐயா,

பழைய மடிக்கணினிகளைப் பழுது பார்த்து விற்கிறேன். ஒரு பையன் தவணைக்கு ஒன்று வாங்கினான். வயதைக் கேட்டேன், 'பதினெட்டு முடிந்துவிட்டது' என்று எழுதியே கொடுத்தான். இரண்டு தவணையோடு நிறுத்திவிட்டான். கேட்டால், 'எனக்குப் பதினேழுதான், ஒப்பந்தம் செல்லாது' என்கிறான். பொய் சொன்னவன் அவன், நஷ்டம் எனக்கா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மீதித் தவணையைப் பொறுத்தவரை நஷ்டம் உங்களுக்குத்தான். மடிக்கணினியைப் பொறுத்தவரை அப்படி இல்லை.

உங்களைப் போலவே எழுதி வாங்கிக்கொண்டு ஏமாந்த ஒருவரின் வழக்குதான் இந்தியச் சட்டத்தில் இதற்கு அடிப்படை. 1895 ஜூலையில் தர்மோதாஸ் கோஷ் என்ற மைனர், கல்கத்தாவில் பிரம்மோ தத் என்ற வட்டிக்காரரிடம் 20,000 ரூபாய்க்குத் தன் வீடுகளை அடமானம் எழுதிக்கொடுத்தார். வட்டி நூற்றுக்குப் பன்னிரண்டு. பையன் மைனர் என்று தாய் தரப்பிலிருந்து சில நாள் முன்பே கடிதம் போயிருந்தது. வட்டிக்காரரின் ஆள் அதைப் பொருட்படுத்தவில்லை. 'நான் மேஜர்' என்று பையனிடம் நீளமாக ஓர் உறுதிமொழி வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுத்துவிட்டார். செப்டம்பரில் தாய், மகன் சார்பாக, அடமானத்தை ரத்து செய்யக் கேட்டு வழக்குப் போட்டார். வழக்கு நடக்கும்போதே வட்டிக்காரர் இறந்துபோக, மோஹோரி பீபி அவர் இடத்தில் நின்று நடத்தினார். 1903இல், அன்று இந்திய வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்புச் சொன்னது: மைனரின் ஒப்பந்தம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது.

'பின்னால் ரத்து செய்யலாம்' என்பது வேறு, 'ஆரம்பத்திலிருந்தே செல்லாது' என்பது வேறு. ரத்து செய்வதென்றால் ஒப்பந்தம் என்று ஒன்று இருந்திருக்க வேண்டும், அப்போது வாங்கியதைத் திருப்பிக் கொடு என்று கேட்கலாம். இங்கே அது பிறக்கவே இல்லை. அதனால் ஒப்பந்தச் சட்டத்தைக் காட்டிப் பணத்தைத் திரும்பக் கேட்ட வாதமும் எடுபடவில்லை. எழுதி வாங்கிய உறுதிமொழியும் உதவவில்லை. உண்மை தெரிந்தே கொடுத்தவர், ஏமாந்தேன் என்று சொல்ல முடியுமா?

'எனக்கு உண்மையாகவே தெரியாதே' என்பீர்கள். சரி, அதற்கும் ஒரு வழக்கு உண்டு. 1914இல் இங்கிலாந்தில், வயதைப் பொய் சொல்லி 400 பவுண்டு கடன் வாங்கிய ஒருவரிடமிருந்து அதை மீட்க முடியாமல் போனது. பொய்யைத் தண்டிப்பதாகச் சொல்லிப் பணத்தைக் கட்ட வைத்தால், கடன் ஒப்பந்தத்தையே கொல்லைப்புற வழியாக அமல்படுத்தியதாகிவிடும் என்பது நீதிமன்றத்தின் கவலை. பொய் சொன்னால் பாதுகாப்பு போய்விடும் என்று வைத்தால், அப்புறம் எல்லாக் கடைக்காரரும் அந்த ஒரு வரியை அச்சடித்தே வைத்திருப்பார்கள். எனக்கு இந்தக் காரணம் நியாயமாகவே படுகிறது, உங்களுக்குக் கசக்கும் என்றாலும்.

ஆனால் பணம் வேறு, பொருள் வேறு. செலவான பணம் எது என்று காட்ட முடியாது. மடிக்கணினி அப்படியே இருக்கிறது. அதை வைத்துக்கொண்டே விலையும் தர மாட்டேன் என்று அவன் நிற்க முடியாது. இன்றைய இந்தியச் சட்டத்திலும் ஆங்கிலேயச் சட்டத்திலும், அதைத் திருப்பித் தரச் சொல்ல நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. இந்தியாவில், அவனுக்கு உண்மையில் சேர்ந்த பலன் எவ்வளவோ அந்த அளவுக்கு. எனவே அது இன்னும் அவன் கையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். விற்றுத் தின்றிருந்தால் வழி குறுகிவிடும்.

'படிப்புக்கு அவசியமான பொருள்தானே' என்றும் கேட்கலாம். அவசியப் பொருள் கொடுத்தவருக்கு நியாய விலை கிடைக்கும் என்பது உண்மைதான். இந்தியச் சட்டத்தில் அதுவும் மைனரின் சொத்திலிருந்து மட்டும், அவனிடமிருந்து நேராக இல்லை. இதற்கு, இங்கிலாந்தில் 1908இல் முடிந்த தையற்காரர் வழக்கைப் பாருங்கள். கேம்பிரிட்ஜ் மாணவர் ஒருவருக்கு அவர் விற்ற உடுப்புகளில் 11 ஆடம்பர வெயிஸ்ட்கோட்டுகள் இருந்தன. அப்பா ஏற்கெனவே போதுமான உடுப்பு வாங்கிக் கொடுத்திருந்தார் என்று தெரிந்ததும் தையற்காரர் தோற்றார். பொருள் அந்த ஆளுக்குத் தகுந்தது என்பது போதாது, வாங்கிய நேரத்தில் அவனிடம் அது இல்லை என்றும் விற்றவரே நிரூபிக்க வேண்டும். அவன் வீட்டில் வேறொரு கணினி இருந்தால் உங்கள் கதையும் அதேதான்.

பதினெட்டு முடிந்ததும் 'பழைய பாக்கியை ஒத்துக்கொள்கிறேன்' என்று எழுதி வாங்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். இந்தியச் சட்டத்தில் அது பலிக்காது. பிறக்காத ஒன்றை ஒப்புக்கொள்வதற்கு வழியில்லை. அப்பா என்பதாலேயே அப்பாவும் கட்ட வேண்டியதில்லை, அவர் சொல்லி அவருக்காக அவன் வாங்கியிருந்தால் ஒழிய.

ஒன்றைக் கவனியுங்கள், இது ஒருவழிக் கதவு. அவன் முழுப் பணமும் கட்டிவிட்டு நீங்கள் பொருளைத் தராமல் இருந்திருந்தால், அவன் சார்பில் உங்கள் மீது வழக்குப் போட்டிருக்க முடியும். அடுத்த முறை பில்லை வீட்டுப் பெரியவர் பெயரில் போட்டு, அவர் கையெழுத்தை வாங்குங்கள்.